சங்கக் கடிதத்தில் "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு": நோர்வேக்காரருக்கு எப்படி எழுதுவது?

படுவான்கரை | ஒக்டோபர் 21, இரவு 8.40

எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் தமிழில எழுதித் தந்த கடிதம். இதை இங்கிலீசாக்கி நோர்வேயில இருக்கிற உதவியாளருக்கு மின்னஞ்சல்ல அனுப்ப வேணும். அந்த மனிசனுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீசும் அவருக்கு ரெண்டாம் மொழிதான். சிக்கலான பகுதி இது:

"தாங்கள் அனுப்பிய 6,00,000 ரூபாவில் மூன்று கிணறுகளைத் தூர்வாரிக் கட்டி முடித்தோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். ஆகவே செலவு 5,81,600 ரூபாவுக்கான பற்றுச்சீட்டுகளை இத்துடன் அனுப்புகிறோம். மீதி 18,400 ரூபா வங்கியில் உள்ளது. நான்காவது கிணற்றை இப்போது தொடுவதற்கில்லை. பதறாத காரியம் சிதறாது."

ரெண்டு பழமொழிக்கும் பொருத்தமான இங்கிலீசுப் பழமொழி இருக்கா? இல்லாட்டி சொல்லுக்குச் சொல் எழுதிவிடவா?

கல்முனை டீச்சர் | ஒக்டோபர் 21, இரவு 9.15

இரண்டாவதற்குத் தேட வேண்டியதே இல்லை. "ஹேஸ்ட் மேக்ஸ் வேஸ்ட்". பாடசாலைப் பிள்ளைகளுக்கே தெரியும்.

முதலாவதற்கு "மெஷர் ட்வைஸ், கட் வன்ஸ்" போடலாம். இரண்டு தரம் அள, ஒரு தரம் வெட்டு. இரண்டிலும் அளப்பது வருகிறது. அது பிடிக்காவிட்டால், சதத்தைக் கவனித்தால் பவுண் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் என்ற ஆங்கிலப் பழமொழி இருக்கிறது. கணக்குக்கு அது பொருந்தும்.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 21, இரவு 10.50

டீச்சர், கொஞ்சம் பொறுங்க. பழமொழியைப் பாக்கிறதுக்கு முதல் அது அந்தக் கடிதத்தில என்ன வேலை செய்யுது எண்டு பாக்க வேணும். அதை எடுத்திட்டு மிச்சத்தை வாசிங்க: "மூன்று கிணறு கட்டினோம். ஆகவே பற்றுச்சீட்டு அனுப்புகிறோம்." "ஆகவே" அந்தரத்தில தொங்குது. அப்ப, பற்றுச்சீட்டு அனுப்புறதுக்குக் காரணம் சொல்லத்தான் இந்தப் பழமொழி வந்திருக்கு. அலங்காரத்துக்கு வரல்ல.

அந்தக் காரணம் என்ன? ஆத்துக்குள்ள போட்ட நெல்லைத் திருப்பிக் கேக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. கேள்வி கேக்க ஆள் இல்லாத இடத்திலயும் எவ்வளவு போட்டம் எண்டு தெரிஞ்சிருக்க வேணும். தலைவர் சொல்ல வாறது இவ்வளவுதான்: "நீங்க கேக்காட்டியும் கணக்குத் தருவம்." அது பெரிய மரியாதையான வசனம்.

இப்ப டீச்சர் சொன்ன ரெண்டையும் இதோட வச்சுப் பாருங்க. "மெஷர் ட்வைஸ்" தச்சாசாரியிட பேச்சு. வெட்டினாப் பிறகு ஒட்ட ஏலாது, அதனால முதல் யோசி எண்டுறது. அந்த இடத்தில அதைப் போட்டா, கிணத்து வேலையில எங்கயோ அளவு பிழைச்சிட்டுது, இப்ப பாடம் படிச்சிருக்காங்க எண்டுதான் வாசிக்கிறவர் நினைப்பார். சதமும் பவுணும் சிக்கனத்தைப் பத்தினது. சின்னதைச் சேத்தாப் பெரிசு தானா வரும் எண்டு அது ஒரு லாபத்தைக் காட்டுது. எங்கட பழமொழியில லாபம் எண்ட பேச்சே இல்ல. அளக்கிறதும் காசும் பொதுவா இருக்கிறதால பழமொழி ஒத்துப் போகாது, செய்யிற வேலை ஒத்துப்போக வேணும்.

சொல்லுக்குச் சொல் எழுதினா இன்னும் மோசம். மேல்வரியில கிணறு, அடுத்த வரியில ஆறு. தண்ணிக்குள்ள காசு போயிட்டுதாம் எண்டு வாசிக்க எல்லா வழியும் இருக்கு.

மருதமுனை நெசவு | ஒக்டோபர் 22, காலை 6.20

எங்களுக்கும் இதே கரைச்சல் இரிக்கி. சாரம் எடுக்கிற வெளிநாட்டு ஆளுக்கு எங்கட வாப்பா "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" எண்டு வைபர்ல வொய்ஸ் அனுப்பச் சொன்னாங்க. ஓடரை உறுதி பண்ணுங்க, முற்பணம் போடுங்க எண்டு சொல்லத்தான். நான் அதுக்கு இரும்பு சூடா இருக்கக்குள்ள அடி எண்ட இங்கிலீசுப் பழமொழியை எழுதினன். அந்த ஆள் ரெண்டு நாளா மறுமொழி இல்ல. நீங்க கேக்கிற ஆத்துப் பழமொழிக்கும் அதையே போடலாமே? ரெண்டும் காசு விசயம்தானே.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 22, காலை 7.45

தங்கச்சி, ஆத்துக்கு அது சரிவராது. அங்க அவசரம் எண்டுற கருத்தே இல்ல.

ஆனா உங்கட விசயம் பாக்க வேண்டியதுதான். ஆறின கஞ்சி பழங்கஞ்சி எண்டுறது அநேகமா காலம் கடந்தாப் பிறகு வாற பேச்சு. இரும்புப் பழமொழி கடக்கிறதுக்கு முதல் வாறது. "வாய்ப்பை விடாம அடி" எண்டு அது ஆளைத் தூண்டும். விக்கிறவர் வாங்கிறவருக்கு இதைச் சொன்னா ஆளை நெருக்கிறது போல கேக்கும். யாருக்கு வாய்ப்பு, யாருக்கு லாபம் எண்டுற கேள்வி வாங்கிறவருக்கு உடனே எழும்பும்.

வாப்பா என்ன மனசில வச்சுச் சொன்னாங்க? நூல் விலை மாறப் போகுதா, தறி வேற ஓடருக்குப் போகப் போகுதா? அதைக் கேட்டு நேரா எழுதுங்க: "இந்த விலை இன்ன திகதி வரைக்கும்தான். அதுக்குப் பிறகு நூலைப் புது விலைக்கு வாங்க வேண்டி வரும்." பழமொழி வேணாம். வாங்கிறவருக்குத் தேவை ஒரு திகதியும் ஒரு காரணமும்.

மருதமுனை நெசவு | ஒக்டோபர் 22, காலை 8.05

சாய நூல் விலைதான். மாசக் கடைசி மட்டும் பழைய விலைக்குத் தருவாங்களாம். அதை எழுதி அனுப்புறன்.

ஆரையம்பதி ஒஸ்லோ | ஒக்டோபர் 22, மாலை 5.30

நான் இஞ்ச வாசிக்கிற பக்கத்தில இருந்து சொல்றன். பதறாத காரியம் சிதறாது எண்டதுக்கு நோர்வே மொழியிலயே ஒரு பழமொழி இருக்கு: "ஹஸ்ட்வெர்க் ஏர் லஸ்ட்வெர்க்". அவசர வேலை பிழையான வேலை எண்டு கருத்து. பதறாத, சிதறாது எண்டு தமிழில எதுகை விழுற மாதிரி அதிலயும் ஓசை ஒத்து விழும். நோர்வேக்காரர் சின்ன வயசில இருந்தே கேட்டுப் பழகினது. இங்கிலீசுக் கடிதத்தில இதை மட்டும் அவர் மொழியில போட்டா முகம் மலர்ந்திரும்.

ஆனா ஒண்டு கேக்க வேணும். இந்த வசனம் எதுக்குப் பதிலா எழுதப்பட்டது? அந்த மனிசன் நாலாவது கிணறு எப்ப எண்டு கேட்டவரா?

படுவான்கரை | ஒக்டோபர் 22, மாலை 6.10

ஓம். போன மாதம் கேட்டவர், இந்த மாதமும் கேட்டிருக்கார். அதுக்குத்தான் தலைவர் இப்பிடி எழுதினது.

ஆரையம்பதி ஒஸ்லோ | ஒக்டோபர் 22, மாலை 6.25

அப்ப போட வேணாம். "எப்ப?" எண்டு கேட்டவருக்கு "அவசர வேலை பிழையான வேலை" எண்டு பதில் வந்தா, "நீ அவசரப்படுறாய்" எண்டுதான் அர்த்தம். அதுவும் அவர் தாய்மொழியில சொன்னா இன்னும் சுடும். அவரிட அம்மா அவரைப் பேசின வார்த்தையை இஞ்ச இருந்து நாங்க சொன்ன மாதிரி ஆகிப்போகும்.

கல்முனை டீச்சர் | ஒக்டோபர் 22, இரவு 7.40

பொருள் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது, ஓசைகூட ஒத்துப்போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஏன் பிழை? தமிழிலும் அதே கண்டிப்பு இருக்கிறதுதானே?

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 22, இரவு 9.30

நல்ல கேள்வி டீச்சர். தமிழில அந்தக் கண்டிப்பு வேற ஆளில போய் விழுது. தலைவர் "பதறாத காரியம்" எண்டு சொல்லக்குள்ள தன்னையும் சங்கத்தையும் சேத்துத்தான் சொல்றார்: நாங்க பதறல்ல, அவதானமாச் செய்யிறம். எங்கட ஊரில பெரியாக்கள் பழமொழியைப் பொதுவில வச்சுப் பேசுவாங்க, கேக்கிறவர் அதைத் தன்னிலயே ஏத்திக்கொள்ளத் தேவை இல்ல. மின்னஞ்சல்ல கேள்விக்கு நேர கீழ வாற பழமொழி கேட்டவரில போய் ஒட்டும். அதனால ஒத்த பழமொழி கிடைச்சாலும், "இது ஆரைக் குறிக்குது?" எண்டு ஒருக்கா கேட்டுப் பாக்க வேணும். எங்களைக் குறிச்சது அவரைக் குறிச்சிதெண்டா, பொருள் எவ்வளவு ஒத்தாலும் விட்டிர வேணும்.

இனி, பழமொழிக்குப் பின்னால தலைவர் வச்சிருக்கிற காரணத்தை வெளியில எடுங்க. படுவான்கரைத் தம்பி, ஏன் இப்ப தொட ஏலாது?

படுவான்கரை | ஒக்டோபர் 22, இரவு 9.50

மழை வருது. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் நிலத்துத் தண்ணி மேல வந்திரும். பம்பு போட்டு இறைச்சாலும் ஊறிக்கொண்டே இருக்கும், அடி வரைக்கும் இறங்கித் தூர் எடுக்க ஏலாது. ஈர மண்ணில பக்கம் சரியும், ஆளை இறக்கிறதும் ஆபத்து. தண்ணி நல்லா இறங்கிறது ஓகஸ்ட், செப்டம்பர்லதான். அப்ப தொடங்கினா அடியில இருந்து ஒழுங்காக் கட்டலாம்.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 22, இரவு 10.05

இதுதான் கடிதம். நீங்க இப்ப எழுதினதையே இங்கிலீசாக்குங்க. மூண்டு சொல்லுப் பழமொழிக்குள்ள மழை, தண்ணி மட்டம், ஆளிட பாதுகாப்பு, தொடங்கிற மாதம் எல்லாம் அடங்கிக் கிடந்திருக்கு. இதே ஊர் ஆளெண்டா பழமொழியைக் கேட்ட உடனே "ஓம், மழைதானே" எண்டு விளங்கியிருப்பார். நோர்வேயில இருக்கிறவருக்கு நவம்பர் மழை கிணறு வெட்டுறதை என்ன செய்யும் எண்டு தெரிய வழி இல்ல.

காரைதீவு முன்பள்ளி | ஒக்டோபர் 23, காலை 10.20

பக்கத்தில ஒரு விசயம் கேட்டுக்கொள்றன். முன்பள்ளி அறிக்கை ஒண்டில ஆசிரியை "அடியாத மாடு படியாது என்பதற்கிணங்க ஒழுங்கைப் பேணுகிறோம்" எண்டு எழுதியிருக்காங்க. அறிக்கை வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகுது. இங்கிலீசில பிரம்பை ஒதுக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் எண்டு ஒரு பழமொழி இருக்குதானே, அதைப் போடலாமா?

கல்முனை டீச்சர் | ஒக்டோபர் 23, காலை 10.45

பழமொழியாகப் பார்த்தால் மிகச் சரியான இணை அது.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 23, பகல் 1.10

இணை சரிதான் டீச்சர், அதனாலதான் ஆபத்து. எங்கட பழமொழியில மாடு இருக்கு, பிள்ளை இல்ல. இங்கிலீசில நேராப் பிள்ளையும் பிரம்பும் வருது. சிறுவர் பாதுகாப்பு விதி வச்சிருக்கிற நிறுவனம் அதை வாசிச்ச அண்டைக்கே விசாரணைக் கடிதம் வரும்.

ஆனா முன்பள்ளித் தங்கச்சி, இதை மழுப்பி "கண்டிப்பான ஒழுங்கு" எண்டு எழுதி முடிக்கவும் வேணாம். முதல்ல ஆசிரியையிட்டக் கேளுங்க: பிள்ளையைத் தொட்டு அடிக்கிறாங்களா, வாய்ப்பேச்சில ஒழுங்கா, இல்லாட்டி வழக்கத்தில வந்த வார்த்தையா? வழக்கத்து வார்த்தை எண்டா, "வரிசையில் நிற்கவும் பொருளைத் திருப்பி வைக்கவும் நாள்தோறும் பழக்குகிறோம்" எண்டு நடக்கிறதை அப்பிடியே எழுதலாம்.

ஆரையம்பதி ஒஸ்லோ | ஒக்டோபர் 23, மாலை 4.15

உண்மையா அடிக்கிறாங்க எண்டா? மொழிபெயர்க்கிறவர் என்ன செய்யிறது?

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 23, மாலை 4.40

அடிக்கிறாங்க எண்டு தெரிஞ்சாப் பிறகு நல்ல வசனம் தேடுறது என்ர வேலை இல்ல. நான் அறிக்கையைத் திருப்பிக் குடுப்பன், பொறுப்பானவர் பாக்க வேணும் எண்டு சொல்லுவன்.

காரைதீவு முன்பள்ளி | ஒக்டோபர் 23, மாலை 5.05

திருப்பிக் குடுத்தா அந்த ஆசிரியைக்கு வேலை போகும். அவ பயந்து அந்த வசனத்தை மட்டும் வெட்டிட்டு வேற ஆளுக்கிட்டக் குடுப்பா. பிள்ளைக்கு ஒண்டும் மாறாது. கேட்டுப் பாத்திட்டு வாறன், ஆனா உங்கட வழி முழுக்கச் சரி எண்டு எனக்குப் படல்ல.

கல்முனை டீச்சர் | ஒக்டோபர் 23, இரவு 8.00

பழமொழித் தொகுப்புகள் இருக்கின்றனவே. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியார் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு தந்திருக்கிறார். அதில் பார்த்து எழுதினால் தவறு வராது அல்லவா?

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 23, இரவு 9.20

நல்ல புத்தகம்தான். 1874ஆம் ஆண்டுப் பதிப்பில ஆறாயிரத்துக்கு மேல இருக்கு. ஆனா அகர வரிசையில அடுக்கினது, முதல் சொல் தெரிஞ்சாத்தான் தேட ஏலும். பழமொழி சரியா எந்த வடிவத்தில வழங்கினது எண்டு பாக்க அதை எடுக்கலாம். ஒரே கருத்தில வேற என்ன பழமொழி இருக்கு எண்டு தேடுறதெண்டா, ஜென்சன் 1897இல போட்ட தொகுப்பு பொருள் வாரியாப் பிரிச்சது, அது லேசு. ரெண்டிலயும் இருக்கிற இங்கிலீசு அந்தக் காலத்து இங்கிலீசு. இண்டைக்கு மின்னஞ்சல்ல ஒட்டினா வேதாகமம் வாசிக்கிற மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தில வாசிக்கிற ஆள் ஆர், என்ன கேட்டவர் எண்டுறது புத்தகத்துக்குத் தெரியாதுதானே.

ஆரையம்பதி ஒஸ்லோ | ஒக்டோபர் 24, காலை 11.30

ஆத்துக்குத் திரும்புவம். எனக்கு அந்தப் பழமொழியை முழுக்க வெட்டுறதில மனம் இல்ல. உதவி செய்யிறவங்களுக்குக் கணக்கறிக்கை எத்தனையோ வரும், எல்லாம் ஒரே மாதிரி. அந்த ஊர் மனிசரிட வாயால ஒரு பழமொழி வந்தா நினைவில நிக்கும். தலைவரிட குரலும் கடிதத்தில இருக்க வேணும்தானே. அவரை ஒரு அலுவலகக் குமாஸ்தா மாதிரிப் பேச வைக்கிறது அவருக்கே நியாயம் இல்ல.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 24, பகல் 12.45

வைக்கலாம். ஆனா இடம் மாத்த வேணும். தமிழில பழமொழி முன்னுக்கு வந்து "ஆகவே" எண்டு கருத்துப் பின்னுக்கு வருது. இங்கிலீசில கருத்தை முன்னுக்குக் கொண்டு வாங்க: "நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குத் தருவது எங்கள் வழக்கம்." அடுத்தது தொகைகள். பற்றுச்சீட்டு. மீதி. எல்லாம் முடிஞ்சு கடைசியில: "எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு: ஆற்றில் போடுவதையும் எண்ணித்தான் போட வேண்டும்." காசு எங்க போனது எண்டு அவருக்கு ஏற்கனவே தெரியும், அதனால ஆறு பயமுறுத்தாது. "எங்கள் ஊரில்" எண்டு தொடங்கினா, இது நடந்த சம்பவம் இல்ல, பழமொழி எண்டும் விளங்கும்.

ரெண்டு சொல்லில கவனம். "போடு" எண்டதுக்கு "த்ரோ" எழுதினா எறிஞ்சு வீணாக்கினது போல ஆகும், "புட்" எண்டு எழுதுங்க. "அளந்து" எண்டதுக்கு "மெஷர்" போட்டா அவருக்கு நீட்டளவைதான் நினைவு வரும். எங்களுக்கு அளக்கிறது எண்டா மரைக்காலால நெல் அளக்கிறது. காசுக் கடிதத்தில "கவுண்ட்" எண்டு எழுதினா போதும். மேல நான் எழுதினதிலயும் அதுக்காகத்தான் "எண்ணி" எண்டு போட்டன்.

கல்முனை டீச்சர் | ஒக்டோபர் 24, பகல் 1.30

அளப்பதை எண்ணுவதாக மாற்றினால் அது பழமொழியே அல்ல. மரைக்காலை இழந்துவிட்டோம். அவருக்கு ஒரு வரி விளக்கம் சேர்த்து "அளந்து" என்றே வைக்கலாம். வெளிநாட்டார் புரிந்துகொள்ளாத அளவுக்குக் கஷ்டமான படம் அல்ல இது.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 24, பகல் 2.00

கட்டுரை எழுதினா நான் உங்கட பக்கம். நாலு பந்தி மின்னஞ்சல்ல விளக்கம் தேவைப்படுற பழமொழி பாரம்.

படுவான்கரை | ஒக்டோபர் 24, இரவு 8.15

ரெண்டு வடிவத்தையும் உயர்தரம் படிக்கிற என்ர தங்கச்சிட மகளிட்ட வாசிக்கக் குடுத்தன். தமிழ்க் கடிதத்தை அவ பாக்கல்ல. சொல்லுக்குச் சொல் எழுதினதை வாசிச்சிட்டு "மாமா, கொஞ்சக் காசு ஆத்தில விழுந்திட்டுதா?" எண்டு கேட்டா. இடம் மாத்தினதை வாசிச்சதும் "கணக்குச் சரி, மிச்சம் வங்கியில இருக்கு, அடுத்தது ஓகஸ்ட்ல" எண்டா.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 24, இரவு 8.40

நல்ல வேலை செய்தீங்க. ஆரிட்டயும் குடுத்துப் பாக்கக்குள்ள "விளங்குதா?" எண்டு மட்டும் கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. "காசு என்ன ஆச்சு? இதில ஆரையாவது குறை சொல்லியிருக்கா?" எண்டு கேக்க வேணும். ரெண்டாவது கேள்வியை அவவிட்டக் கேட்டீங்களா?

படுவான்கரை | ஒக்டோபர் 24, இரவு 9.05

இப்ப கேட்டன். "தண்ணி மேல வாறதால இப்ப தொடங்க ஏலாது" எண்ட வரியில ஒண்டும் இல்லையாம். ஆனா அதுக்கு முன்னால நான் "நீங்கள் மீண்டும் கேட்டிருந்தீர்கள்" எண்டு எழுதியிருந்தன், அது முறைப்பாடு போல கேக்குதாம். "மீண்டும்" எண்ட சொல்லை எடுத்திட்டன்.

ஆரையம்பதி ஒஸ்லோ | ஒக்டோபர் 24, இரவு 9.30

அந்தப் புள்ள கெட்டிக்காரி. அந்தச் சொல் என்ர கண்ணில பட்டிருக்காது.

மருதமுனை நெசவு | ஒக்டோபர் 25, காலை 7.10

சாரம் எடுக்கிற ஆள் மறுமொழி போட்டிரிக்கார். மாசக் கடைசிக்கு முதல் முற்பணம் போடுறாராம், ஆனா அளவைக் குறைச்சிட்டார். அது விலையாலயா, நான் முதல் எழுதின இரும்புப் பழமொழியாலயா எண்டு தெரியல்ல. வாப்பா கேக்காங்க, கஞ்சிப் பழமொழியை எங்கயும் எழுதல்லயா எண்டு.

படுவான்கரை | ஒக்டோபர் 25, மாலை 6.50

தலைவரிட்ட வாசிச்சுக் காட்டினன். பதறாத காரியத்தை எடுத்தது அவருக்குப் பிரச்சினை இல்ல, மழைக் காரணத்தை எழுதினது நல்லமாம். ஆறு கடிதத்தில இருக்கத்தான் வேணும் எண்டு நிண்டார். எண்ணுறதா அளக்கிறதா எண்டு கேட்டதுக்கு "அளக்கிறதுதான் தம்பி, மாத்தாத" எண்டார். டீச்சர் சொன்ன மாதிரி "மெஷர்" எண்டே விட்டு, முன்னால "நெல்லை" எண்டு ஒரு சொல் சேத்தன்: எங்கள் ஊரில் ஒரு பழமொழி உண்டு, ஆற்றில் போடும் நெல்லையும் அளந்துதான் போட வேண்டும். விளக்க வரி தேவைப்படல்ல.

கல்லடிப் பாலம் | ஒக்டோபர் 25, இரவு 7.20

"நெல்லை" எண்ட சொல் விழுந்தாப் பிறகு அளவு விளங்கும், காசும் தண்ணிக்குள்ள போகாது. எனக்கு இப்பவும் "கவுண்ட்" தான் பிடிச்சிருக்கு. ஆனா இதில பிழை சொல்ல ஏலாது.

படுவான்கரை | ஒக்டோபர் 25, இரவு 9.40

அனுப்பியாச்சு. சீமெந்துப் பற்றுச்சீட்டு ஒண்டு மட்டும் ஸ்கான்ல தெளிவில்ல, நாளைக்குத் திரும்ப எடுத்து அனுப்புறன்.